லிங்க் திறக்கிறது, லாகின் மட்டும் ஆகவில்லை: ஆப்புக்குள் மாட்டிக்கொண்ட பக்கத்தை வெளியே கொண்டுவருவது

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். தங்கைக்கு ஒரு பயிற்சி வகுப்பில் விண்ணப்பம் போட, ஊர்க் குழுவில் வந்த லிங்கைத் தொட்டேன். பக்கம் நன்றாகத் திறக்கிறது. கூகுள் மூலம் உள்ளே போக அழுத்தினால் Access blocked, Error 403: disallowed_useragent என்று வருகிறது. பாஸ்வேர்டை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டேன். நின்ற இடத்தில் இருந்த முகவரியைக் காப்பி செய்து குரோமில் போட்டால், லாகின் ஆகிறமாதிரி ஆகி, session expired என்கிறது. அதே லிங்க் நண்பன் போனில் வேலை செய்கிறது. என் போனில் கோளாறா, கூகுள் கணக்கில் கோளாறா?

பதில்:

இரண்டிலும் கோளாறு இல்லை. பாஸ்வேர்டை இனிமேல் மாற்றாதீர்கள். நீங்கள் லாகின் செய்யப் பார்த்த இடம்தான் சிக்கல். அந்தப் பக்கம் குரோமில் திறக்கவில்லை, லிங்கைக் கொண்டுவந்த ஆப்பின் வயிற்றுக்குள்ளேயே திறந்திருக்கிறது.

சமூக ஊடக ஆப்புகளும் சில பணம் அனுப்பும் ஆப்புகளும் ஒரு லிங்கைத் தொட்டால் உங்களை வெளியே விடுவதில்லை. தங்களுக்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசரை வைத்து அதில் பக்கத்தைக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டில் இதற்கு வெப்வியூ என்று பெயர். செய்தி படிக்க, விலை பார்க்க இது போதும். லாகின் என்று வரும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

ஒவ்வொரு பிரவுசரும் ஒரு தளத்துக்குப் போகும்போது தான் யார் என்று ஒரு வரி எழுதி அனுப்பும். அந்த வரிக்குத்தான் யூசர் ஏஜென்ட் என்று பெயர். ஆண்ட்ராய்டின் வெப்வியூ அனுப்பும் வரியில் வழக்கமாக `; wv` என்று ஒரு குறி இருக்கும். சில ஆப்புகள் தங்கள் பெயரையும் அதில் சேர்த்துவிடும். கூகுளின் லாகின் பக்கம் அந்த வரியைப் பார்த்து, இது தனிப் பிரவுசர் இல்லை, இன்னொரு ஆப்பின் உள்ளே இருக்கும் சன்னல் என்று தெரிந்துகொண்டு கதவைச் சாத்திவிடுகிறது. உங்கள் திரையில் வந்த disallowed_useragent என்பதற்கு, "இந்த யூசர் ஏஜென்டுக்கு அனுமதி இல்லை" என்றுதான் பொருள். உங்கள் பெயரோ பாஸ்வேர்டோ அங்கே பேச்சிலேயே இல்லை. நீங்கள் பாஸ்வேர்டு அடிப்பதற்கு முன்பே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

கூகுள் இதை 2016-ல் அறிவித்து 2017-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேஸ்புக் கணக்கை வைத்து மற்ற தளங்களில் லாகின் செய்யும் வசதியையும் ஆண்ட்ராய்டு வெப்வியூவில் 2021 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். காரணம் நியாயமானது. ஆப்புக்குள் திறக்கும் சன்னலுக்கு அந்த ஆப்தான் வீட்டுக்காரர். அந்தப் பக்கத்தில் தன் சொந்த நிரலைச் சேர்க்க அதனால் முடியும், நீங்கள் அடிக்கும் எழுத்தைப் படிக்கவும் முடியும். படிக்கிறதா இல்லையா என்பது வேறு, ஆனால் வழி திறந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் பீலிக்ஸ் கிராவுஸ் என்ற மென்பொருள் ஆய்வாளர், பெரிய ஆப்புகள் சிலவற்றின் உள் பிரவுசர்கள் வெளித் தளங்களில் தங்கள் நிரலைச் சேர்ப்பதைச் சோதித்துக் காட்டினார். அதனால் லாகின் தடுக்கப்பட்டதை நான் நல்லது என்றே சொல்வேன். இப்படித் தடுக்காத தளங்களும் நிறைய உண்டு. அங்கே பாஸ்வேர்டை உள் சன்னலில் அடிக்க முடியும் என்றாலும் அடிக்க வேண்டாம்.

சரி, நண்பன் போனில் எப்படி வேலை செய்தது? அனேகமாக அவருக்கு அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் போயிருக்கும். வாட்ஸ்அப் உரையாடலில் வரும் சாதாரண லிங்கை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் போனின் பிரவுசரிடம் கொடுத்துவிடும். இன்னொரு வகையும் இருக்கிறது. ஜிமெயில் போன்ற சில ஆப்புகளில் லிங்கைத் தொட்டால், ஆப்புக்குள் திறந்தமாதிரி தெரியும், ஆனால் உள்ளே ஓடுவது குரோம்தான். இதற்குக் கஸ்டம் டேப் என்று பெயர். குரோமில் ஏற்கெனவே இருக்கும் லாகின் அங்கேயும் இருக்கும், கூகுளும் தடுக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால்தான் குழப்பம்.

பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி, மேலே இருக்கும் பட்டையைப் பார்ப்பது. முழுக் குரோமில் முகவரிக்குப் பக்கத்தில், எத்தனை டேப் திறந்திருக்கிறது என்று எண் போட்ட சின்னச் சதுரம் இருக்கும். உள் சன்னலில் அது இருக்காது. இடது மூலையில் X குறியோ பின்னோக்கிய அம்போ இருக்கும், நடுவில் தளத்தின் பெயர், வலது மூலையில் மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். பட்டியலின் அடியில் Running in Chrome அல்லது Powered by Chrome என்று இருந்தால் அது கஸ்டம் டேப், பயமில்லை. அப்படி எதுவும் இல்லாமல் ஆப்பின் சொந்த மெனு வந்தால் அது வெப்வியூ.

இப்போது உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். "வெளியே திறங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள், எந்த இடத்திலிருந்து வெளியே திறப்பது என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்காரர் ஒரு டோக்கன் எண்ணை வண்டியில் மாட்டி, அதே எண்ணை உங்கள் கையில் கொடுப்பார். மாலையில் இரண்டும் ஒத்துப்போனால்தான் வண்டி. அந்த டோக்கனோடு நீங்கள் இன்னொரு ஸ்டாண்டுக்குப் போய் வண்டியைக் கேட்டால், டோக்கன் உண்மையானதாகவே இருந்தாலும், அவரிடம் அந்த எண்ணில் வண்டி இருக்காது.

கூகுள் லாகினும் இப்படித்தான். அந்தப் பொத்தானை அழுத்தியவுடன், பயிற்சித் தளம் ஒரு தற்காலிக எண்ணை உருவாக்குகிறது. அதில் ஒரு பிரதியைக் குக்கீ என்ற சின்னக் குறிப்பாக உங்கள் பிரவுசரில் வைக்கிறது. இன்னொரு பிரதியை முகவரியில் சேர்த்துக் கூகுளிடம் அனுப்புகிறது. நீங்கள் காப்பி செய்த முகவரியை உற்றுப் பார்த்திருந்தால் நடுவில் இப்படி ஒரு துண்டு இருந்திருக்கும்:

```
accounts.google.com/...&state=8fK2x...
```

அந்த state என்பதுதான் டோக்கன் எண். நீங்கள் அதைக் குரோமில் ஒட்டியபோது கூகுள் மகிழ்ச்சியாக வேலை செய்தது, ஏனென்றால் இப்போது வந்திருப்பது உண்மையான பிரவுசர். கணக்கைத் தேர்ந்தெடுத்தீர்கள், கூகுள் உங்களைப் பயிற்சித் தளத்துக்குத் திருப்பி அனுப்பியது. தளம் டோக்கனை வாங்கிக்கொண்டு, அதற்கு ஜோடியான குக்கீயைக் குரோமில் தேடியது. அது குரோமில் இல்லை, அந்த ஆப்பின் உள் சன்னலில் இருக்கிறது. இரண்டுக்கும் குக்கீ வைக்கும் இடம் தனித்தனி, ஒன்று மற்றொன்றைப் பார்க்க முடியாது. ஆகவே session expired. சில தளங்கள் இதையே invalid state என்றோ state mismatch என்றோ சொல்லும். ஆக, நீங்கள் பிரவுசரை மாற்றியது சரி, நடுவழியில் மாற்றியதுதான் தவறிப்போயிற்று.

எனவே செய்ய வேண்டியது இது. பிழை வந்த பக்கத்தை விட்டுவிடுங்கள். X தொட்டு மூடி, குழுவில் அந்தப் பதிவுக்குத் திரும்பி, லிங்கை மறுபடி தொடுங்கள். பயிற்சித் தளத்தின் முதல் பக்கம் வந்ததும், லாகின் பொத்தான் பக்கமே போகாமல், மூன்று புள்ளியைத் தொடுங்கள். அங்கே Open in Chrome, Open in browser, Open in external browser இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். ஆப்புக்கு ஆப்பு வார்த்தை மாறும். ஐபோனில் சில ஆப்புகள் சபாரியின் திசைகாட்டிப் படத்தை வைத்திருக்கும். அதைத் தொட்டதும் முழுப் பிரவுசர் திறக்கும். எண் போட்ட சதுரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இப்போது லாகினைத் தொடங்குங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும், டோக்கனும் வண்டியும் ஒத்துப்போகும்.

முகவரியின் வாலில் `fbclid=` என்று ஆரம்பித்து நீளமாக ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் கவலை வேண்டாம். லிங்க் எங்கிருந்து தொடப்பட்டது என்று குறிக்கும் அடையாளம் அது, லாகினுக்கு இடைஞ்சல் செய்யாது. அழித்துவிட்டாலும் பக்கம் திறக்கும்.

அந்த மெனுவே கண்ணில் படாத ஆப்புகளும் உண்டு. அப்போது என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி, பதிவில் இருக்கும் லிங்கை அழுத்திப் பிடித்துக் காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே ஒரு செய்தியாக அனுப்பிக்கொள்வது. புதிய உரையாடல் பட்டியலில் உங்கள் பெயரே Message yourself என்ற குறிப்போடு இருக்கும். அங்கிருந்து அந்த லிங்கைத் தொட்டால் குரோமில் திறக்கும். குரோமின் முகவரிப் பட்டையில் நேராக ஒட்டினாலும் அதே பலன்தான். ஆனால் வயதானவர்களுக்கு வாட்ஸ்அப் கைவந்த இடம், லிங்கும் நாளைக்குத் தேவைப்பட்டால் அங்கேயே கிடக்கும்.

லாகினில் இன்னொரு வகைத் தோல்வியும் இருக்கிறது. அதில் பிழைச்செய்தியே வராது. போன ஐப்பசியில் நல்ல மழை நாளில், கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என் கடைக்கு வந்தது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். "அண்ணா, அஞ்சு தடவை ஓடிபி வந்துருச்சு, அஞ்சு தடவையும் உள்ள போக மாட்டேங்குது" என்றது. எப்படிச் செய்கிறாய், செய்து காட்டு என்றேன். குழுவில் வந்த லிங்கைத் தொட்டு, மொபைல் எண் கொடுத்து, ஓடிபி வந்த சத்தம் கேட்டதும், அதைப் படிக்க மெசேஜ் ஆப்புக்குப் போனது. எண்ணை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தால், அங்கே கட்டணப் பக்கம் இல்லை. குழுவின் பதிவுகள்தான் மேலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி லிங்க், மறுபடி எண், மறுபடி புது ஓடிபி. கையில் இருந்ததோ பழைய ஓடிபி.

நினைவகம் குறைந்த போன் அது. வேறு ஆப்புக்குப் போன அந்த நொடியில், பின்னால் போன கனமான ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடுகிறது. திரும்பி வரும்போது ஆப் புதிதாகத் தொடங்குகிறது, உள் சன்னலில் இருந்த பக்கம் போய்விடுகிறது. குரோமையும் ஆண்ட்ராய்டு மூடலாம்தான், ஆனால் திரும்பி வரும்போது குரோம் தன் டேப்புகளை நினைவில் வைத்து அதே பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப் வழியாகக் குரோமில் திறந்து கொடுத்தேன். ஓடிபி வந்தபோது வேறு ஆப்புக்குப் போக வேண்டாம், மேலிருந்து விரலால் இழுத்து அறிவிப்பிலேயே எண்ணைப் படி என்றேன். முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டது.

பணம் கட்டும் இடத்திலும் அந்த உள் சன்னல் காலை வாரியிருக்கும். கட்டணப் பக்கத்தில் யுபிஐ தேர்ந்தெடுத்தால், பக்கம் `upi://pay` என்று தொடங்கும் ஒரு முகவரியை அழைக்கும். குரோம் அதைப் புரிந்துகொண்டு, எந்த ஆப்பில் கட்டுவது என்று கேட்கும். வெப்வியூவுக்கு அதை ஆப் செய்தவர் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொல்லியிருக்காவிட்டால் திரையில் `net::ERR_UNKNOWN_URL_SCHEME` என்று வரும். ரசீதை பிடிஎஃப்பாக இறக்கும் பொத்தானும் இப்படித்தான், உள் சன்னலில் அழுத்தினால் பல ஆப்புகளில் ஒன்றுமே நடக்காது. புகைப்படம் பதிவேற்றும் பொத்தானும் அதே கதைதான். இவற்றில் எதைப் பார்த்தாலும் பக்கத்தைத் திட்டாமல் முதலில் மேல்பட்டையைப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உள் சன்னலில் பணம் கட்டிவிட்டு, பக்கம் பாதியில் நின்றுவிட்டால், அவசரப்பட்டு வெளியே திறந்து மறுபடி கட்டாதீர்கள். முதலில் யுபிஐ ஆப்பின் வரலாற்றிலோ வங்கிக் கணக்கிலோ பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, தளத்தில் லாகின் செய்து கட்டணம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் கழிந்தும் வணிகத் தளத்துக்கு உறுதி போய்ச் சேராத யுபிஐ பரிவர்த்தனையை, அந்த நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும் என்றும் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. கடைசி நாள் என்றால் அந்த 5 நாள் காத்திருக்க முடியாது என்பது உண்மை. அப்போது இரண்டாவது தடவை கட்டுவதே வழி, ஆனால் முதல் குறிப்பு எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எல்லாப் பக்கத்தையும் வெளியே இழுத்துவிடலாம் என்றும் இல்லை. பணம் அனுப்பும் ஆப்புக்குள் மின்கட்டணம், காப்பீடு, ரீசார்ஜ் என்று வரும் பக்கங்களில் சில, அந்த ஆப்பின் பாகமாகவே எழுதப்பட்டவை. நீங்கள் யார் என்பதை ஆப்பே அந்தப் பக்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கும். அதனால்தான் அங்கே லாகினே கேட்பதில்லை. அந்த முகவரியைக் குரோமில் திறந்தால், யாரென்று தெரியாமல் முழிக்கும், அல்லது வெள்ளைத் திரை வரும். அங்கே சிக்கல் என்றால் ஆப்பைப் புதுப்பிக்க வேண்டும். எந்த ஆப்பில் உள் பக்கம் திறந்தாலும் வெள்ளையாகவோ மூடிக்கொண்டோ போனால், பிளே ஸ்டோரில் Android System WebView என்று தேடி அதையும் புதுப்பியுங்கள். பெரும்பாலான உள் சன்னல்களுக்கு அடியில் இருப்பது அதுதான். வெளியே திறக்க வேண்டியது, உங்களிடம் தனியாக லாகின் கேட்கும் வேறொருவருடைய தளத்தை மட்டும்.

அப்புறம், எந்தப் பிரவுசரில் திறந்தாலும் ஒரு வலைப்பக்கம் யுபிஐ பின் எண்ணைக் கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள். பின் எண் அடிக்கும் இடம் யுபிஐ ஆப்பின் திரை மட்டுமே. குழுவில் வரும் லிங்கைக் குரோமில் திறப்பதால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. முகவரிப் பட்டையைத் தொட்டால் முழு முகவரியும் தெரியும். அரசுத் தளம் என்று சொல்லி வந்த லிங்கில் தளத்தின் பெயர் `.gov.in` என்று முடிகிறதா, இல்லை அந்த எழுத்துகளை நடுவில் மட்டும் செருகிவிட்டு வேறு ஏதோவாக முடிகிறதா என்று நின்று பார்க்கலாம். உள் சன்னலில் பல நேரம் பாதிப் பெயர்தான் தெரியும்.

நிரந்தரமாக வழி செய்ய விரும்பினால், டெலிகிராமில் Chat Settings பகுதியில் In-App Browser என்ற சுவிட்சை அணைத்துவிடலாம். பேஸ்புக்கில் அமைப்புகளில் Media பகுதியில் லிங்கை வெளியே திறக்கச் சொல்லும் சுவிட்ச் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், கிடைக்காவிட்டால் மூன்று புள்ளியே போதும்.

உங்கள் தங்கை விஷயத்தில் இரண்டு சின்னக் குறிப்பு. குரோமில் கூகுள் லாகின் வரும்போது, போனில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் கணக்கைத்தான் முதலில் காட்டும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால் விண்ணப்பம் உங்கள் பெயரில் விழும். Use another account தொட்டு அவருடைய முகவரியைக் கொடுங்கள். பதிவு செய்தபின் உறுதிசெய்ய மின்னஞ்சலில் ஒரு லிங்க் வந்தால், அதையும் விண்ணப்பம் தொடங்கிய அதே குரோமில் திறக்கச் செய்யுங்கள், இல்லையென்றால் டோக்கன் கதை மறுபடி வரும். பாஸ்வேர்டை இரண்டு தடவை மாற்றினீர்களே, அதனால் வேறு போனிலோ கணினியிலோ அந்தக் கணக்கு வெளியேறியிருக்கலாம். அங்கே புதிய பாஸ்வேர்டு கேட்டால் பயப்படாமல் கொடுங்கள்.